அப்புச்சி ஓட்டிய கவலை



கோவையில் ஒரு கல்லூரியின் தமிழ் மன்றத்துக்குப் போன மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாலு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் கால்மணி நேரம் பேசுவதாக ஏற்பாடு. கால்மணி நேரம் முக்கால் மணி நேரமாயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. என் முறை வந்தபோது மடித்த காகிதத்தை மடித்தபடியே வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே கேட்டதை உங்களிடம் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

எழுதித் தரும் கருவிகளை வைத்துக்கொண்டு, எழுதவும் கற்றுக்கொள்வது எப்படி என்பதுதான் பேச்சு. அந்தப் பெண்ணுக்குக் கோபிப் பக்கம் ஊர். வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். எடுத்த எடுப்பில் தன் மானம் போன கதையிலிருந்து ஆரம்பித்தார்.

முதலாண்டில் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதினாராம். அம்மாவைப் பெற்ற அப்புச்சி, மோட்டார் வராத காலத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்ததைப் பற்றி. ஒரு பத்தியைத் திரையில் போட்டுக் காட்டினார்:

"பொழுது கிளம்புவதற்கு முன்னால் அப்புச்சி கவலை ஓட்டப் போய்விடுவார். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் எடையும் சேர்ந்தால்தான் பறி மேலே வரும். தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மம்முட்டியோடு நிற்கும் அம்மிச்சி மடை மாற்றுவார்."

நம் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கவலை என்பது எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்றம். பறி என்பது தண்ணீர் மொள்ளும் பெரிய பாத்திரம். அதன் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரித் தொங்கும் தோல்குழாய்தான் தும்பி. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவை ஜில்லாவுக்கு வந்த பிறகு ஊர் ஊராக மோட்டார் ஏறியது. கவலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போயிற்று. கடைசியாக விட்டவர்களில் ஒருவர் இந்த அப்புச்சி.

"பிழை இருந்தால் திருத்தட்டும், கொஞ்சம் நல்ல தமிழாகவும் இருக்கட்டும்" என்று அந்தப் பெண் பத்தியை ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டிருக்கிறார். வந்தது இது:

"அதிகாலையில் தாத்தா தன் கவலைகளைப் போக்கச் செல்வார். காளைகள் சரிவில் இறங்கும்போது கயிற்றின் மேல் அமர்ந்து, தன் உழைப்பின் பாரத்தையும் சேர்த்து இழுப்பார். தண்ணீர் வாய்க்காலில் பாயும் அந்த அழகிய காட்சியைப் பாட்டி மெய்மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்."

அரங்கம் சிரித்து அடங்க இரண்டு நிமிடமாயிற்று. அவருக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லையாம். 'அடேங்கப்பா, எவ்வளவு அழகா இருக்கு' என்றுதான் தோன்றியதாம். மலரில் அப்படியே அச்சாயிற்று. ஊருக்குக் கொண்டுபோய் அப்புச்சிக்குப் படித்துக் காட்டினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "நானெப்ப அம்மிணி கவலையப் போக்குனேன்? கவலை ஓட்டறதுக்கே நேரஞ் சரியா இருந்துச்சு."

அம்மிச்சிக்கு வேறு வருத்தம். "எட்டு ஏக்கருக்கும் மடை மாத்துனவ நானு. என்னைய வேடிக்கை பாக்க உட்டுப்போட்டயே கண்ணு!"

இந்த இடத்தில் அந்தப் பெண் அறிவுரை சொல்லப் போகவில்லை. ஒரு கணக்குப் போட்டார். முதல் பத்தியில் கையால் தொடக்கூடிய, கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களின் பெயர் எத்தனை என்று பிள்ளைகளையே எண்ணச் சொன்னார். கவலை, எருது, சரிவு, வடம், பறி, தும்பி, தண்ணீர், வாய்க்கால், மம்முட்டி, மடை. பத்து. இரண்டாவதில் காளை, சரிவு, கயிறு, தண்ணீர், வாய்க்கால். ஐந்து. போன ஐந்துக்குப் பதிலாக வந்தவை: உழைப்பின் பாரம், அழகிய காட்சி, மெய்மறத்தல்.

"எதைப் போட்டுத் திருத்தினாலும் இந்தக் கணக்கை நான் விடறதில்லைங்க. பொருளோட பேரு குறைஞ்சு, அழகு, பாரம், மெய்மறத்தல் மாதிரிச் சொல்லு கூடியிருந்தா, அது திருத்தமில்லை. எனக்குத் தெரிஞ்சதை எடுத்துட்டு, எல்லாருக்கும் தெரிஞ்சதை வெச்சிருக்குன்னு அர்த்தம்" என்றார். இரண்டாவது சோதனை, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. முதல் பத்தியில் அம்மிச்சி மடை மாற்றுகிறார். இரண்டாவதில் பார்த்துக்கொண்டிருக்கிறார். வினைச்சொல் மாறினால் நடந்த சங்கதியே மாறிவிடுகிறது. எழுத்துப்பிழையைத் தேடும் கண்ணுக்கு இது படாது, ஏனென்றால் இரண்டாவது பத்தியில் ஒரு பிழைகூடக் கிடையாது.

கருவி ஏன் இப்படிச் செய்கிறது என்பதையும் எளிதாகச் சொன்னார். அது படித்த கோடிக்கணக்கான வரிகளில் 'கவலை' என்ற சொல் துக்கமாகத்தான் வந்திருக்கும். ஏற்றமாக வந்த இடம் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும். எது அதிகம் வருமோ அந்தப் பக்கம் அது சாய்கிறது. ஒறம்பரை, பொடக்காலி, நோம்பி, கட்டுத்தரை என்று நாம் எழுதும் எதற்கும் இதே ஆபத்து உண்டு. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி என்று தனிப் புத்தகமே தொகுக்கவேண்டியிருந்தது என்றால், அந்தச் சொற்கள் பொது அகராதிக்கே வெளியில் கிடந்தன என்றுதானே பொருள்?

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். கருவி வருவதற்கு வெகு காலம் முன்பு, காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கதையில் 'இட்டேரி' என்று இருந்ததை நான் 'ஒற்றையடிப் பாதை' என்று திருத்தி அச்சேற்றினேன். அடுத்த வாரம் வாசகர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகும் தடம், அதுதான் இட்டேரி, ஒற்றையடிப் பாதையில் கதாநாயகன் எப்படி மாட்டு வண்டி ஓட்டினான் என்று கேட்டிருந்தார். பதில் எழுதும் தைரியம் எனக்கு வரவில்லை. கதாசிரியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆகவே எல்லாப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போட என்னால் முடியாது. சிவப்பு மை நிரப்பிய பேனாவும் ஒரு கருவிதான்.

அப்படியென்றால் கருவியே வேண்டாம் என்றாரா? இல்லை. தினமும் பயன்படுத்துவதாகச் சொன்னார். சந்திப் பிழைக்கு நாவி, சொற்பிழைக்கு வாணி. இரண்டும் நீச்சல்காரன் என்ற புனைபெயரில் எழுதும் தமிழ்க் கணிமைக்காரர் செய்தவை. ஆனால் பயன்படுத்தும் வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. எழுதியதைப் பிரதி எடுத்து, முதலில் பென்சிலோடு தானே உட்கார்ந்து பிழை தேடுவாராம். தேடி முடித்த பிறகுதான் கருவியில் போடுவது. தான் கண்டுபிடித்தது எத்தனை, தவறவிட்டது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி, தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரில் காரணம் எழுதுவது. காரணம் எழுதத் தெரியாவிட்டால் அந்தத் திருத்தத்தை ஏற்பதில்லை. ஆசிரியரிடம் கேட்கும்வரை கேள்விக்குறிதான். ஆரம்பத்தில் பக்கத்துக்கு இருபதுக்கு மேல் தவறவிட்டவர் இப்போது இரண்டு மூன்றுதான் விடுகிறாராம். நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் கேள்விக்குறி.

அந்த நோட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார்: 'வேலை கொடு', 'வேலைக் கொடு'. எது சரி?

பாதிப் பேர் இதற்கும் பாதிப் பேர் அதற்கும் கை தூக்கினார்கள். இரண்டும் சரிதான். மில் வாசலில் நின்று கேட்டால் 'வேலை கொடு'. அங்கே 'ஐ' உருபு மறைந்திருக்கிறது, அதனால் க் மிகாது. மருதமலையில் நின்று முருகனைக் கேட்டால் 'வேலைக் கொடு'. வேல் என்பதோடு 'ஐ' வெளிப்படையாகச் சேர்ந்திருக்கிறது, அதனால் க் மிகும். ஓர் ஒற்றெழுத்தில் கேட்பவனும் மாறிவிடுகிறான், கொடுப்பவனும் மாறிவிடுகிறான். "நீங்க எங்க நிக்கறீங்கன்னு கருவிக்குத் தெரியாது. இந்த மாதிரி இடத்துல அது சந்தேகத்தைத்தான் காட்டும். முடிவு பண்றது நாம. அந்த முடிவு பண்ற நேரந்தாங்க பாடம். அதையும் அதுகிட்டவே குடுத்துட்டா, பரீட்சை ஹால்ல வெறுங்கையோட உட்காரணும்" என்றார்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பொறியியல் பாடத்துக்கு ஆங்கிலத்தில் செமினார் ரிப்போர்ட் எழுதவேண்டிய வேறு துறைப் பையன், நண்பனோடு வந்து உட்கார்ந்திருந்தான். "தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவன்க்கா. இங்கிலீஷ் வராதுங்க்கா. நாளன்னிக்கு ரிப்போர்ட் வெக்கணும். கருவி எழுதித் தந்தா மார்க்கு, நானே எழுதுனா சிரிப்பாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

இது நியாயமான கேள்வி. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிற்கும் இடமும் இதுதான். நான் மேடையில் இருந்திருந்தால் 'முயன்றால் முடியும்' என்று ஏதாவது உளறியிருப்பேன். அவர் உளறவில்லை. தானும் அப்படி ஒரு ரிப்போர்ட் வைத்து, வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். தேர்வாளர் அவருடைய முதல் பக்கத்திலேயே 'ரோபஸ்ட்' என்ற சொல்லைத் தொட்டு, "இதுக்கு என்னம்மா அர்த்தம், உன் வேலையில எது ரோபஸ்ட்?" என்று கேட்டாராம். பேச்சே வரவில்லையாம்.

பிறகு பையனுக்கு வழி சொன்னார். செய்த சோதனையைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து, நண்பனுக்குச் சொல்வதுபோல் முதலில் எழுது. என்ன எடுத்தேன், எவ்வளவு எடுத்தேன், எது நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, எங்கே தப்பாயிற்று. வேண்டுமானால் போனில் பேசியே எழுத்தாக்கிக்கொள். அந்த வாக்கியங்களை, அதே வரிசையில், ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்கக் கருவியைப் பயன்படுத்து. மொத்தமாகப் போடாதே. வந்த வாக்கியத்தில், மேடையில் நின்று விளக்க முடியாத சொல் எது இருந்தாலும் அடித்துவிட்டு உனக்குத் தெரிந்த சின்னச் சொல்லைப் போடு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: நான் தமிழில் எழுதியதை மொழிபெயர்க்க இன்ன கருவியைப் பயன்படுத்தினேன். "அந்த ஒரு வரி எழுதக் கை கூசுச்சுன்னா, அளவுக்கு மேல வாங்கிட்டோம்னு எனக்கே தெரிஞ்சு போகும்" என்றார்.

"அதான் பத்து சதவீதம் வரைக்கும் காப்பியடிக்கலாமேக்கா" என்று இன்னொருவன் முனகினான். இது பரவலாக இருக்கும் தவறான எண்ணம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. ஆய்வேடு என்றால் அதற்கு மேல் 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை ஓராண்டுக்குத் திருத்திய பிரதி கொடுக்கவே முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. அந்தப் பத்து, தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடர்களுக்கு விட்ட இடம். திருட ஒதுக்கிய பங்கு அல்ல. இன்னொன்று: அந்த விதி வந்தபோது இந்தக் கருவிகள் இல்லை. அது ஏற்கெனவே இருக்கும் எழுத்தோடு ஒப்பிடுகிறது. கருவி புதிதாகக் கோத்துத் தரும் பத்தி பெரும்பாலும் யாருடையதோடும் ஒத்துப்போகாது. ஒரு வரிகூடத் தானே எழுதாதவன் சுழியம் வாங்கிவிடலாம்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் வேறு மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். அதை நம்பி ஒரு பிள்ளையின் மீது பழி போடுவது எனக்கு ஒப்பவில்லை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல், 61 சதவீதம், இயந்திரம் எழுதியது என்று முத்திரை வாங்கின. எளிய சொற்களில் எழுதியதுதான் அவர்கள் செய்த தப்பு. அதே கட்டுரைகளின் சொற்களைச் சாட்ஜிபிடியை வைத்து மெருகேற்றியதும் பெரும்பாலானவை தப்பித்துவிட்டன. சொந்தமாக எழுதினவனுக்குப் பழி, மெருகு போட்டவனுக்கு விடுதலை! சாட்ஜிபிடியைச் செய்த நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று அந்த ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோபியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் வந்து எளிய ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைதான் இந்த வலையில் முதலில் சிக்கும்.

அதனால் அந்தப் பெண் இளையவர்களுக்குச் சொன்ன காரியம் எனக்குப் பிடித்திருந்தது. கிறுக்கலைக் கிழித்துப் போடாதீர்கள். முதல் வரைவு, அடித்தது, ஓரத்தில் எழுதியது எல்லாவற்றையும் தேதி போட்டு வையுங்கள். கணினியில் எழுதினால் பழைய பதிப்புகள் தானாகச் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது 'இது நீ எழுதியதா' என்று கேட்டால், அடித்துத் திருத்திய தாளைவிட நல்ல சாட்சி கிடையாது. அடுத்த முறை எழுதும்போது, போன முறை எங்கே திணறினோம் என்று பார்ப்பதற்கும் அதுதான் உதவும்.

என் இரண்டு கேள்விகளில் ஒன்று, மலரில் வந்த அந்தக் கட்டுரையை என்ன செய்தீர்கள் என்பது. அடுத்த மலரில் திருத்தம் போடச் சொல்லிக் கேட்டாராம். 'பழைய கதை எதுக்கும்மா' என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியென்றால் எங்களுக்குத் தருவீர்களா என்பது இரண்டாவது கேள்வி. மறுவாரமே முதல் வரைவிலிருந்து திரும்ப எழுதி அனுப்பினார். கீழே ஒரு குறிப்பு: 'சந்திப் பிழை மட்டும் கருவியில் பார்த்தது. மூன்று திருத்தம் ஏற்றேன். ஒன்றை ஏற்கவில்லை.' எந்த ஒன்று என்று தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

இனி இந்த இதழுக்குக் கதை, கட்டுரை அனுப்பும் நண்பர்களும் இப்படி ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். கருவி தொட்டது என்பதற்காக எதையும் திருப்பி அனுப்ப மாட்டோம். எங்கே தொட்டது என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும். வட்டாரச் சொல்லை மாற்ற நேர்ந்தால் உங்களைக் கேட்காமல் மாற்றுவதில்லை என்று நாங்களும் எழுதித் தருகிறோம். அந்த அஞ்சலட்டைக்கு இத்தனை ஆண்டு கழித்து இதுதான் பதில்.

கட்டுரை இந்த இதழில் வருகிறது. பக்கம் கட்டி முடித்த அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெண் போன் செய்தார். மெய்ப்பை அப்புச்சிக்குப் படித்துக் காட்டினாராம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பறி மேலே வந்ததோடு நிறுத்திவிட்டாயே, மறுபடி கிணத்துக்குள்ள எப்படிப் போச்சு, எருதுக ரெண்டும் பின்னாலயே நடந்து மேடேறணுமே, பழக்காத எருதுன்னா அதுலதான் மக்கர் பண்ணும், அதை எழுதவே இல்லையே என்று கேட்டாராம். ஒரு வாக்கியம் சேர்க்க முடியுமா சார் என்றார். பக்கம் கட்டுகிறவர் என்னை முறைத்துவிட்டு, ஒரு படத்தைச் சின்னதாக்கி இடம் பண்ணிக் கொடுத்தார்.

அன்புடன்,
ஆசிரியர்